அரபியில் உள்ள மருந்து எச்சரிக்கை: உம்மாவுக்குத் தமிழில் எப்படி எழுதுவது?

மண்ணடிக்காரன் | செவ்வாய், இரவு 8.40

உம்மாவுக்கு 72 வயது. ஆறு மாதம் தம்மாமில் காக்கா வீட்டில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் மண்ணடிக்குத் திரும்பினார்கள். அங்கே மூட்டுவாதத்துக்கு ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு வகை மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பெட்டியில் மருந்தின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது: ஒன்று மெத்தோட்ரெக்சேட் 2.5 மில்லிகிராம், மற்றொன்று ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம். எப்போது சாப்பிட வேண்டும் என்று மருந்தகத்தில் ஒட்டிய துண்டுச்சீட்டு முழுவதும் அரபி. எந்த மொழியில் வேண்டும் என்று கேட்டபோது, உம்மா ஓதத் தெரிந்தவர்கள்தானே என்று காக்கா அரபியையே சொல்லிவிட்டாராம்.

உம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள், பொருள் தெரியாது. நான் மதரசாவில் படித்த அளவோடு சரி. மெத்தோட்ரெக்சேட் சீட்டில் இருப்பதை வாசித்தால் "4 அக்ராஸ், குல்ல யவ்ம் இஸ்னைன்" என்று வருகிறது. அக்ராஸ் மாத்திரைகள். குல்ல யவ்ம் ஒவ்வொரு நாளும். இஸ்னைன் இரண்டு. அப்படியானால் ஒவ்வொரு வேளைக்கும் நான்காக, தினமும் இரண்டு வேளையா? உள்ளே இருந்த தாளில் எச்சரிக்கை நிறைய இருக்கிறது. அதைத் தமிழில் எழுதி சுவரில் ஒட்டலாம் என்று நினைக்கிறேன். காக்கா கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலையில் இருக்கிறார், வெள்ளிக்கிழமைதான் தொலைபேசியில் கிடைப்பார்.

பழைய டிரைவர் | இரவு 8.52

ரியாத்தில் 14 வருடம் வண்டி ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். யவ்ம் என்றால் நாள், குல்ல யவ்ம் என்றால் தினமும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நான்கு மாத்திரையை இரண்டு வேளை என்பது அதிகமாகத் தெரிகிறது. நான்கை இரண்டாகப் பிரித்து, காலை இரண்டு, இரவு இரண்டு என்று இருக்கும். அங்கே அப்படித்தான் சுருக்கி எழுதுவார்கள்.

தண்டையார்பேட்டை மருந்தாளுநர் | இரவு 8.58

மண்ணடிக்காரன், இதைப் படித்தவுடன் முதலில் மாத்திரையை நிறுத்துங்கள். விளக்கம் பிறகு.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே சாப்பிடுவார்கள். தினமும் சாப்பிடும் மருந்தே அல்ல. உம்மா இதுவரை எத்தனை மாத்திரை, எந்தெந்த நேரத்தில் சாப்பிட்டார்கள்? வாயில் புண், தொண்டை வலி, காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தோலில் நீலத் திட்டு ஏதாவது இருக்கிறதா? சிறுநீரகக் கோளாறு உண்டா?

டிரைவர் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஜித்தாவில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் ஒன்பது வருடம் இதே சீட்டைத்தான் அச்சடித்துக் கொடுத்தேன். "யவ்ம் இஸ்னைன்" என்பது திங்கட்கிழமை. "ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான்கு மாத்திரை." அவ்வளவுதான் அதில் இருக்கிறது.

மண்ணடிக்காரன் | இரவு 9.06

கை நடுங்குகிறது. நேற்று திங்கள் இரவு நான்கு சாப்பிட்டார்கள். இன்று காலை எதிர் வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு "தினமும்" என்று சொன்னதால் மறுபடியும் நான்கு. இன்று இரவுக்கும் எடுத்து வைத்திருந்தார்கள், வாங்கி வைத்துவிட்டேன். புண் இல்லை, காய்ச்சல் இல்லை. சிறுநீரகம் பற்றி எதுவும் தெரியாது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

தண்டையார்பேட்டை மருந்தாளுநர் | இரவு 9.13

நேற்று நான்கு, இன்று நான்கு. மொத்தம் எட்டு, அதாவது 20 மில்லிகிராம். ஒரு வாரத்துக்கு அந்த அளவு வாங்குகிற மூட்டுவாத நோயாளிகளும் இருக்கிறார்கள். ஆகவே பதற வேண்டாம். ஆனால் உம்மாவுக்கு எழுதியது 10 மில்லிகிராம். வயது 72. இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் உடம்பிலேயே தங்கி, எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்கள் உருவாவதைத் தடுக்கும். வெளியே ஒன்றும் தெரியவில்லை என்பதை நம்பி நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். மண்ணடியிலிருந்து ஸ்டான்லி பக்கம்தான். இரண்டு பெட்டிகளையும், அரபித் தாளையும், அவர்கள் சாப்பிடும் மற்ற எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள். "மெத்தோட்ரெக்சேட், வாராந்தர அளவு, அடுத்தடுத்து இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டார்கள்" என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். இதற்கு மாற்று மருந்து உண்டு, ஃபோலினிக் ஆசிட். வீட்டில் இருக்கும் ஃபோலிக் ஆசிட் அதற்கு ஈடாகாது. கொடுக்க வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

மண்ணடிக்காரன் | இரவு 9.15

ஆட்டோ வந்துவிட்டது. கிளம்புகிறோம்.

காசிமேடு | இரவு 9.40

என் மாமனாருக்கும் இதே பிரச்சினை. மச்சான் குவைத்திலிருந்து கண் சொட்டு மருந்து வாங்கி அனுப்பினான். விமான நிலையத்தில் மருந்துச் சீட்டு இல்லை என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். அரபிச் சீட்டைத் தமிழில் மொழிபெயர்த்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினால் விடுவார்களா? மண்ணடியில் யார் செய்து தருவார்கள்?

ராயபுரம் மருமகள் | இரவு 9.47

காசிமேடு அண்ணன், இங்கே ஒருவருடைய உம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கேள்விக்குத் தனி இழை தொடங்குங்கள்.

நஹ்வு வாத்தியார் | இரவு 10.20

அரபி இலக்கணம் கற்றுக்கொடுப்பவன் நான். மருந்தாளுநர் சொன்னது முற்றிலும் சரி. அந்தத் தம்பி ஏன் வழுக்கினார் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓதத் தெரிந்த எல்லோரும் அங்கேதான் வழுக்குவார்கள்.

நமக்கு ஞாயிறு, திங்கள், செவ்வாய் எல்லாம் கோள்களின் பெயர். அரபியில் வெள்ளியையும் சனியையும் தவிர மற்ற ஐந்து நாட்களுக்கும் எண்ணிலிருந்து வந்த பெயர். ஒன்றாம் நாள் ஞாயிறு, இரண்டாம் நாள் திங்கள் என்று போய், ஐந்தில் கமீஸ், அதாவது வியாழன். ஆகவே "யவ்ம்" என்ற சொல்லுக்குப் பின்னால் எண் போல ஒன்று வந்தால் முதலில் கிழமையைத்தான் சந்தேகப்பட வேண்டும். இரண்டு நாளுக்கு ஒரு முறை என்று சொல்ல அரபியில் "குல்ல யவ்மைன்" என்பார்கள், இரண்டு என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடும். தினமும் இரண்டு முறை என்றால் "மர்ரதைன்" என்ற சொல் வந்தாக வேண்டும். இந்தச் சீட்டில் இரண்டுமே இல்லை.

இன்னொரு பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது? அதைப் பார்த்தாலே விடை கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மண்ணடிக்காரன் | புதன், காலை 7.30

இரவு ஒரு மணிக்குத்தான் திரும்பினோம். இரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் சரியாக இருக்கின்றன. சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் 1.4, கொஞ்சம் அதிகம் என்றார்கள். மாற்று மருந்து இப்போது தேவையில்லை என்று மூத்த டாக்டர் சொன்னார். வருகிற திங்கள் மாத்திரை கிடையாது. அடுத்த செவ்வாய் மறுபடி இரத்தப் பரிசோதனை, அதன் பிறகு மூட்டு டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் தொடங்க வேண்டும். வாயில் புண்ணோ காய்ச்சலோ வந்தால் அந்த நிமிடமே வரச் சொன்னார்கள்.

வாத்தியார் கேட்ட மற்றொரு பெட்டியில் "குர்ஸ் வாஹித், குல்ல யவ்ம் அர்பிஆ" என்று இருக்கிறது. அதை "ஒரு மாத்திரை, தினமும் நான்கு" என்று படித்துவிட்டுக் குழம்பினோம்.

நஹ்வு வாத்தியார் | காலை 8.05

அல்லாஹ் காப்பாற்றினான். பார்த்தீர்களா, ஒரு மாத்திரையைத் தினமும் நான்கு எப்படிச் சாப்பிடுவது? அந்தக் குழப்பமே உங்களை நிறுத்தியிருக்க வேண்டும். நான்கு என்பது அர்பஅ, புதன்கிழமை அர்பிஆ. உயிர்க்குறி போடாத எழுத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். குர்ஆனில் குறிகளோடு படித்துப் பழகிய கண்ணுக்கு மருந்துச் சீட்டு வேறு உலகம்.

தண்டையார்பேட்டை மருந்தாளுநர் | காலை 8.30

நல்ல செய்தி. அடுத்த செவ்வாய் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். அணுக்கள் குறைவது உடனே தெரியாது, ஒரு வாரம் பத்து நாள் கழித்தும் தெரியலாம். அதனால்தான் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அரபியே தெரியாதவரும் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. பெட்டியில் எத்தனை மாத்திரை கொடுத்தார்கள், எத்தனை நாளுக்கு என்று சொன்னார்கள்?

மண்ணடிக்காரன் | காலை 8.41

மூன்று மாதத்துக்கு என்று காக்கா சொன்னார். மெத்தோட்ரெக்சேட் 48, ஃபோலிக் ஆசிட் 12.

தண்டையார்பேட்டை மருந்தாளுநர் | காலை 8.50

48-ஐ நான்கால் வகுத்தால் 12. பன்னிரண்டு வாரம், மூன்று மாதம். ஃபோலிக் ஆசிட் 12, வாரம் ஒன்று, அதே மூன்று மாதம். நீங்கள் படித்தபடி நாளுக்கு எட்டு என்றால் 48 மாத்திரை ஆறு நாளில் தீர்ந்துவிடும். டிரைவர் அண்ணன் சொன்னபடி நாளுக்கு நான்கு என்றால் 12 நாள். மூன்று மாதத்துக்கு என்று கொடுத்த மருந்து இரண்டு வாரத்துக்குள் தீருகிறது என்றால் வாசிப்பு தவறு. மாத்திரையை எண்ணி வகுத்துப் பார்க்க எந்த மொழியும் வேண்டாம்.

பழைய டிரைவர் | காலை 9.15

ஒப்புக்கொள்கிறேன். பேசத் தெரியும் என்பதால் படிக்கவும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். மன்னிக்கவும் தம்பி. ஆனால் ஒன்று கேட்கிறேன், அங்கே மருந்துப் பெட்டியில் தாளின் ஒரு பக்கம் ஆங்கிலமும் இருக்குமே?

மண்ணடிக்காரன் | காலை 9.32

இருந்திருக்கும். உம்மா அரபி இருந்த பாதியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்துவிட்டார்கள். அரபி எழுத்தைக் கீழே போட மாட்டார்கள். ஆங்கிலப் பாதி எங்கே என்று தெரியவில்லை.

இப்போது எச்சரிக்கைகளுக்கு வருகிறேன். மச்சான் ஒருவர் அரபிக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தவர், அவர் எழுதிக் கொடுத்ததில் மூன்று வரி இப்படி இருக்கிறது:

"இந்த மருந்தைத் தினமும் சாப்பிட வேண்டியதில்லை."
"வாயில் புண் வரலாம்."
"மொத்த நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்கவும்."

மூன்றாவது வரி எனக்கே புரியவில்லை.

நஹ்வு வாத்தியார் | காலை 10.10

கடைசியிலிருந்து வருகிறேன். அது "அம்ராளுல் குலா" என்று இருக்கும். குலா என்றால் சிறுநீரகங்கள். கடைசி எழுத்தைப் புள்ளியில்லாத யா என்று எடுத்து "குல்லீ" என்று வாசித்திருக்கிறார், மொத்தம் என்று ஆகிவிட்டது. உம்மாவுக்கு மிகவும் தேவைப்பட்ட வரியே அதுதான்.

முதல் வரிதான் ஆபத்தானது. மூலத்தில் "லா யஜிபு தனாவுலுஹு யவ்மிய்யன்" என்று இருக்கிறதா? இலக்கணப்படி லா யஜிபு என்றால் "கட்டாயம் இல்லை". உங்கள் மச்சான் பாடத்தில் படித்தபடிதான் எழுதியிருக்கிறார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைய அரபியில் பத்திரிகையிலும் அறிவிப்புப் பலகையிலும் அதையே "கூடாது" என்ற பொருளில் எழுதுகிறார்கள். கவனமாக எழுதுபவர் "யஜிபு அல்லா" என்று மறுப்பைப் பின்னால் வைப்பார், அப்போது கூடாது என்பது ஐயமின்றி விளங்கும். இரண்டுக்கும் இடையே லா என்ற சொல் இருக்கும் இடம் மட்டும்தான் வேறுபாடு. வரியை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பொருள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

தண்டையார்பேட்டை மருந்தாளுநர் | காலை 10.25

ஹஜ்ரத், இந்த மருந்தில் அந்த ஐயத்துக்கு இடமே இல்லை. தினமும் சாப்பிட்டு மருத்துவமனைக்கு வந்தவர்கள், இறந்தவர்கள் எத்தனையோ நாடுகளில் உண்டு. ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் இதற்காகவே தனியாக விதிகளைக் கடுமையாக்கியது, பெட்டியில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்றது. சொல் இரண்டு பொருள் தந்தால் மருந்தைக் கேட்க வேண்டும், அகராதியை அல்ல.

நஹ்வு வாத்தியார் | காலை 10.33

மருந்து உங்கள் துறை, ஏற்கிறேன். ஆனால் மருந்தைத் தெரியாதவர் கையில் இந்த வரி மட்டும்தான் இருக்கும். அப்படிப்பட்டவர் மொழிபெயர்க்கவே கூடாது என்கிறீர்களா?

தண்டையார்பேட்டை மருந்தாளுநர் | காலை 10.40

ஆமாம், தனியாக உட்கார்ந்து செய்யக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

ராயபுரம் மருமகள் | காலை 11.20

நான் மருந்தும் படிக்கவில்லை, அரபியும் படிக்கவில்லை. எட்டு வருடம் மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவள். தமிழைப் பற்றிச் சொல்ல எனக்கு இரண்டு உண்டு.

"சாப்பிட வேண்டாம்" என்றும் எழுதாதீர்கள். என் மாமியாரிடம் இன்னொரு இட்லி வேண்டுமா என்று கேட்டாலும் வேண்டாம்தான், மின்கம்பியைத் தொட வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான். வயதானவர்கள் அதை உபசாரமாக எடுத்துக்கொள்வார்கள். "கூடாது" என்று எழுதுங்கள், அதிலும் "திங்கள் தவிர வேறு எந்த நாளும் சாப்பிடவே கூடாது" என்று எழுதுங்கள். நாளின் பெயர் இல்லாமல் "வாரம் ஒரு முறை" என்று மட்டும் எழுதினால், போன வாரம் எப்போது சாப்பிட்டோம் என்பதே மறந்துபோகும்.

அடுத்தது "வரலாம்". அது பெரிய பொறி. மாமியாருக்கு ஒரு மாத்திரையால் கால் வீங்கியது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "தாளில் கால் வீக்கம் வரலாம் என்று போட்டிருந்தது, வந்தது" என்றார்கள். வரலாம் என்பது அவர்கள் காதில் வந்தால் பரவாயில்லை என்று விழுகிறது.

தண்டையார்பேட்டை மருந்தாளுநர் | காலை 11.35

அம்மா, நீங்கள் சொன்னதை ஒன்பது வருட வேலையில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அரபித் தாளில் இது "கத் யுசப்பிபு" என்று வரும், ஏற்படுத்தக்கூடும் என்று. மொழிபெயர்ப்பாக "வரலாம்" சரிதான். ஆனால் இந்த மருந்தில் வாய்ப்புண் சாதாரணத் தொல்லை அல்ல. மருந்து உடம்பில் மிஞ்சிவிட்டது என்பதற்கு அதுவே முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். தாளில் வேறு ஒரு பத்தியில் "உடனே மருத்துவரைத் தொடர்புகொள்" என்று இருக்கும். உம்மாவின் அட்டையில் இரண்டையும் ஒரே வாக்கியமாகச் சேர்க்க வேண்டும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"திங்கட்கிழமை இரவு மட்டும்: மஞ்சள் மாத்திரை நான்கு. மற்ற ஆறு நாட்களும் இந்த மாத்திரையைச் சாப்பிடவே கூடாது."
"வாயில் புண், காய்ச்சல், தொண்டை வலி, மூச்சு வாங்குதல், தோலில் நீலத் திட்டு: இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரி."
"புதிய மாத்திரை எது வாங்கினாலும் இந்தப் பெட்டியைக் கடையில் காட்ட வேண்டும்."

முதல் வரியை மூட்டு டாக்டர் மறுபடி தொடங்கச் சொன்ன பிறகே ஒட்டுங்கள். மூன்றாவது ஏன் என்றால், சிறுநீர்க் கடுப்புக்குக் கடையில் சாதாரணமாக வாங்கும் டிரைமெத்தோப்ரிம் கலந்த மாத்திரை இதனுடன் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வலி மாத்திரைகளையும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். அரபியில் ப என்ற வல்லொலிக்கு எழுத்து இல்லாததால் "திரிமீதூப்ரீம்" என்பதுபோல் எழுதியிருப்பார்கள், அதைத் தமிழில் இன்னொரு முறை மாற்றினால் எந்தக் கடைக்காரருக்கும் புரியாது. மருந்துப் பெயர்களை மட்டும் தமிழாக்க வேண்டாம், பெட்டியையே நீட்டுங்கள்.

மண்ணடிக்காரன் | பிற்பகல் 2.15

மாத்திரை மஞ்சள்தான், இரண்டாவதும் மஞ்சள். அதனால் நிறத்தை விட்டுவிட்டு, முதல் பெட்டியில் பெரிதாகச் சிவப்புக் கோடு போட்டுவிட்டேன், "சிவப்புக் கோட்டுப் பெட்டி" என்று எழுதுகிறேன். ஆனால் வேறு சிக்கல். உம்மாவுக்குத் தமிழ் எழுத்து தட்டுத்தடுமாறித்தான் வரும். கீழக்கரையில் வளர்ந்தவர்கள், சிறு வயதில் அரபுத்தமிழில்தான் கடிதம் எழுதுவார்கள். அட்டையைத் தமிழில் எழுதினால் அவர்கள் படிக்கப்போவது இல்லை.

நஹ்வு வாத்தியார் | பிற்பகல் 2.40

அப்படியானால் அர்வியிலேயே எழுதிவிடுங்கள்! தமிழ்ச் சொல், அரபி எழுத்து. "திங்கட்கிழமை" என்பதை அந்த எழுத்தில் பார்த்தால் அவர்களே படித்துக்கொள்வார்கள். நான் எழுதித் தருகிறேன், உயிர்க்குறிகளோடு. எங்கள் பாட்டிமார் சமையல் குறிப்புவரை அதில்தான் எழுதினார்கள்.

ராயபுரம் மருமகள் | பிற்பகல் 3.05

ஆசையான யோசனைதான். ஆனால் அந்த அட்டையை வீட்டில் வேறு யார் படிப்பார்கள்? மருமகள், பேரன், அவசரத்துக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கும் தெரியாது. உம்மா தவறாகப் படித்தால் திருத்த ஆள் இல்லை. நேற்று நடந்ததும் அதேதான்.

நஹ்வு வாத்தியார் | பிற்பகல் 3.20

இரண்டு எழுத்திலும் எழுதலாமே.

தண்டையார்பேட்டை மருந்தாளுநர் | மாலை 4.00

எழுதலாம். ஆனால் நாளை டாக்டர் நான்கை மூன்றாகக் குறைத்தால் இரண்டிலும் திருத்த வேண்டும். ஒன்றில் மட்டும் திருத்திவிட்டு மற்றதை மறந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அளவைத் தமிழில் மட்டும் வைத்து, "சிவப்புக் கோட்டுப் பெட்டியை மகன் கையால்தான் வாங்கிச் சாப்பிட வேண்டும்" என்ற ஒரு வரியை அர்வியில் எழுதினால் என்ன? அது மாறப்போவதில்லை.

மண்ணடிக்காரன் | இரவு 9.50

உம்மாவிடம் கேட்டேன். இரண்டு எழுத்திலும் வேண்டும் என்கிறார்கள். மகன் கையால்தான் என்ற வரி மட்டும் வேண்டாமாம், அது இருந்தால் அட்டையைக் கிழித்துவிடுவேன் என்று சொல்கிறார்கள். பெட்டியை இப்போதைக்கு என் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. ஆங்கிலப் பாதி கிடைத்துவிட்டது. வெற்றிலைப் பெட்டியில் பாக்கைச் சுற்றி வைத்திருந்தார்கள். டிரைவர் அண்ணன் கேட்டதால்தான் தேடினேன். வாத்தியார் சொன்ன அந்த வரிக்கு நேராக, தினமும் சாப்பிடக் கூடாது என்றுதான் இருக்கிறது. சிறுநீரகம் பற்றியும் அதில் தெளிவாக இருக்கிறது.

பழைய டிரைவர் | இரவு 10.05

அந்தத் தாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. நாளைக்குப் பாக்கு தீர்ந்தால் தாளும் போய்விடும்.

காசிமேடு | இரவு 10.30

உம்மா நலம் என்று கேட்டு மகிழ்ச்சி. நேற்று இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். சொட்டு மருந்து வந்துவிட்டது. சீட்டில் "கத்ரா" என்று இருக்கிறது, பக்கத்தில் சின்ன வட்டம் ஒன்று. பூஜ்யம் சொட்டு என்று எப்படிப் போடுவார்கள்?

தண்டையார்பேட்டை மருந்தாளுநர் | இரவு 10.36

அரபி எண்களில் வட்டமாக இருப்பது ஐந்து, பூஜ்யம் வெறும் புள்ளி. ஆனால் கண்ணுக்கு ஒரே நேரத்தில் ஐந்து சொட்டு யாரும் எழுத மாட்டார்கள். நாளுக்கு ஐந்து முறையாக இருக்கலாம், இல்லையென்றால் அது எண்ணே அல்லாமல் வேறு எழுத்தாக இருக்கலாம். மருந்தின் பெயரோடு முழுச் சீட்டையும் படம் எடுத்துப் போடுங்கள். அதுவரை ஒரு சொட்டும் விட வேண்டாம். மருமகள் அம்மா பார்ப்பதற்குள் திருத்திக்கொள்கிறேன்: விடக் கூடாது.